வங்கிக் குறுஞ்செய்தி எச்சரிக்கை உங்கள் பணத்தைக் காப்பாற்றியது உண்டா? அதன் வரம்பை எத்தனை ரூபாய்க்கு வைத்திருக்கிறீர்கள்?

காவேரிக்கரை

என் தாயாரின் ஓய்வூதியக் கணக்கில் நடந்ததைப் பகிர்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, விளக்கேற்றிக்கொண்டிருந்தவரின் பட்டன் போனுக்குக் குறுஞ்செய்தி ஒன்று வந்தது. அதைப் படித்த என் மகன், பாட்டியின் கணக்கிலிருந்து 10,000 ரூபாய் எடுக்கப்பட்டதாகச் சொன்னான். செய்தியில் ஏ.இ.பி.எஸ். என்ற குறிப்பும் ஒரு நீண்ட பரிவர்த்தனை எண்ணும் இருந்தன. அதாவது ஆதார் எண்ணையும் கைரேகையையும் வைத்து, எங்கோ ஒரு வங்கி முகவரின் கருவியில் ரொக்கமாக எடுத்திருக்கிறார்கள். ஓ.டி.பி. எதுவும் வரவில்லை, ஏனெனில் அந்த முறைக்கு ஓ.டி.பி. தேவையே இல்லை.

உடனே பாஸ்புத்தகத்தில் அச்சிட்டிருந்த கட்டணமில்லா எண்ணை அழைத்து, கணக்கில் பற்று வைப்பதை நிறுத்தச் சொல்லிப் புகார் எண்ணைக் குறித்துக்கொண்டோம். அடுத்ததாக இணைய மோசடிப் புகார்களுக்கான உதவி எண் 1930-இல் பதிவு செய்தோம். பிறகு ஆதார் இணையதளத்தில் தாயாரின் கைரேகைப் பயன்பாட்டைப் பூட்டினோம். திங்களன்று கிளைக்குச் சென்று எழுத்து மூலமாகவும் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். சில நாட்களில் அந்தத் தொகையைத் தற்காலிக வரவாக வைத்தார்கள். விசாரணை முடிந்த பிறகே அதை எடுக்க முடிந்தது. கைரேகை எங்கிருந்து களவு போனது என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

சிட்டிநகர்

தாயாரின் பணம் திரும்பியது மகிழ்ச்சி. ஆனால் என்னைப் போல் நாள் முழுவதும் கடையில் இருப்பவனுக்கு ஒவ்வொரு ரூபாய்க்கும் செய்தி வந்தால் போன் ஓயாமல் கத்தும். செயலியில் 5,000 ரூபாய்க்கு மேல் என்று வைத்திருக்கிறேன். எப்படியும் ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதவரை நம் பணம் வெளியே போகாது அல்லவா?

பழைய காசாளர்

தம்பி, ஓ.டி.பி.யைச் சொல்லக் கூடாது என்பது சரி. சொல்லாவிட்டால் பணம் போகாது என்பதுதான் சரியில்லை. மேலே உள்ள நிகழ்வே அதற்குச் சான்று. வெளிநாட்டு இணையக் கடைகள் பலவற்றில் அட்டை எண்ணும் காலாவதித் தேதியும் பின்புற மூன்று இலக்கமும் இருந்தாலே போதும், ஓ.டி.பி. கேட்க மாட்டார்கள்.

கிளையில் இருந்தபோது நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வாடிக்கையாளரின் கிரெடிட் அட்டையில் முதலில் தொண்ணூறு ரூபாய்க்கும் குறைவாக ஒரு வெளிநாட்டுப் பற்று விழுந்தது. மறுநாள் விடியற்காலையில் அதே அட்டையில் அடுத்தடுத்துப் பெரிய தொகைகள் விழுந்தன. அட்டை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கத்தான் திருடர்கள் அந்தச் சிறு தொகையைப் போடுகிறார்கள். வரம்பு 5,000 என்று இருந்தால் அந்த ஒத்திகை உங்கள் கண்ணிலேயே படாது. ஆகவே அட்டைக்கும் சேமிப்புக் கணக்குக்கும் வங்கி அனுமதிக்கும் மிகக் குறைந்த தொகையையே வரம்பாக வையுங்கள். தேநீர், பால், பேருந்து போன்ற சில்லறை யு.பி.ஐ. செலவுகளுக்குச் சிறு இருப்புள்ள வேறொரு கணக்கை இணைத்துவிட்டால், முதன்மைக் கணக்கின் போன் கத்துவது தானே குறையும்.

இன்னொன்று: குறுஞ்செய்தியும் செயலி அறிவிப்பும் தனித்தனி ஏற்பாடுகள். ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது. எச்.டி.எஃப்.சி. வங்கி 2024 ஜூன் 25 முதல் 100 ரூபாய் வரையிலான யு.பி.ஐ. பற்றுகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவதை நிறுத்தியது. அவற்றுக்கு மின்னஞ்சல் வரும். எனவே மின்னஞ்சலையும் செயலி அறிவிப்பையும் சேர்த்தே இயக்கி வையுங்கள். போனின் பேட்டரி சேமிப்பு முறை வங்கிச் செயலியை உறங்க வைத்திருக்கிறதா என்பதையும், பத்து ரூபாய் அனுப்பிப் பார்த்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.

காவேரிக்கரை அம்மாவின் விஷயத்தில் நாட்கணக்கும் முக்கியம். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாத மூன்றாம் நபர் மோசடியில், எச்சரிக்கை கிடைத்த நாளை விட்டுவிட்டு மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. வெள்ளியன்று செய்தி வந்து, மறுநாள் இரண்டாம் சனியாக இருந்தால், திங்கள், செவ்வாய், புதன் ஆகியவையே அந்த மூன்று நாட்கள். நான்காவது நாள் முதல் ஏழாவது நாள் வரை சாதாரணச் சேமிப்புக் கணக்கில் 10,000 ரூபாய் வரை வாடிக்கையாளர் தலையில் விழும். போனதே 10,000 என்பதால், வியாழன் வரை காத்திருந்தால் முழுத் தொகையும் போயிருக்கும்.

அல்லிநகரம்

எனக்கும் வங்கிச் செய்தி வந்தது ஐயா. 12,000 ரூபாய் வரவாகியுள்ளது என்றிருந்தது; அடுத்த நிமிடமே ஒருவர் அழைத்து, மருத்துவச் செலவுக்கு அனுப்பிய பணம் தவறுதலாக வந்துவிட்டது, திருப்பி அனுப்புங்கள் என்று அழுதார். நல்லவேளையாக என் மருமகள் இருப்பைப் பார்க்கச் சொன்னாள்; கணக்கில் எதுவும் ஏறவில்லை. இதற்கும் வரம்பை மாற்றினால் தீர்வு கிடைக்குமா?

பழைய காசாளர்

இல்லை அம்மா, அது வங்கி அனுப்பியதே அன்று. பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து வந்திருந்தால் அப்போதே ஒதுக்கிவிடலாம். வங்கியின் பெயரெழுத்துகளோடு வந்தாலும் செயலியில் இருப்பைப் பார்த்த பிறகுதான் நம்ப வேண்டும். மருமகள் செய்ததே சரி.

தேக்கா

சிங்கப்பூரில் இருக்கிறேன். 2022 ஜனவரியில், குறுஞ்செய்தி மோசடிகளைத் தொடர்ந்து, இங்குள்ள வங்கிகள் பண மாற்ற அறிவிப்பின் இயல்பு வரம்பை 100 வெள்ளியாகவோ அதற்கும் குறைவாகவோ வைக்க வேண்டும் என்று நாணய ஆணையம் அறிவித்தது. நான் அதையும் குறைத்துவிட்டேன். ஊரில் உள்ள என் கணக்குக்குத்தான் சிக்கல்: இந்திய சிம்முக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண் போய்விடும், பிறகு எச்சரிக்கை யாரிடம் போகும் என்றே தெரியாது.

நெல்லைச்சீமை

தேக்கா சொன்னதுதான் என் சித்தப்பா மகனுக்கு நேர்ந்தது. அவன் எண்ணை மாற்றியிருந்தான், வங்கியில் மாற்றவில்லை. ஒன்பதாவது வேலை நாளில் பாஸ்புத்தகம் பதிந்தபோதுதான் 18,000 ரூபாய் போயிருப்பது தெரிந்தது. எச்சரிக்கை அனுப்பிவிட்டோம் என்கிறது வங்கி. எனக்குக் கிடைக்கவே இல்லை என்கிறான் இவன். நாட்கணக்கு எப்போது தொடங்கும்?

பழைய காசாளர்

சுற்றறிக்கை, செய்தி கிடைத்ததிலிருந்து என்கிறது. ஆனால் எண்ணைப் புதுப்பிக்காதது வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்று வங்கி வாதிடும். இரண்டு பக்கமும் பேச இடமிருக்கிறது. ஏழு நாட்களைக் கடந்த புகார்களுக்கு அந்தந்த வங்கி இயக்குநர் குழுவின் கொள்கையே பொருந்தும் என்பதால், அதன் நகலை முதலில் கேளுங்கள். வாடிக்கையாளரே பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டியது வங்கிதான் என்பதையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

நெல்லைச்சீமை

குறிப்பிட்டோம் ஐயா. முப்பது நாட்களாகியும் பதில் இல்லாததால் cms.rbi.org.in வழியாகக் குறைதீர்ப்பாளரிடம் போட்டிருக்கிறோம். இன்னும் முடிவு வரவில்லை.

காவேரிக்கரை

பழைய காசாளர் ஐயாவிடம் ஒரு கேள்வி. நாங்கள் 1930-இல் உடனே பதிந்தும் எடுத்தவனைப் பிடிக்க முடியவில்லையே?

பழைய காசாளர்

ரொக்கமாக எடுத்துவிட்டால் முடக்குவதற்குக் கணக்கு ஏதும் இல்லை. உங்கள் அழைப்பு தடுத்தது அடுத்து எடுக்கவிருந்ததை மட்டுமே. யு.பி.ஐ. வழியாகப் போயிருந்தால் பணம் கணக்குக் கணக்காகத் தாவிக்கொண்டிருக்கும், அப்போது முதல் அரை மணி நேரத்தில் 1930-ஐ அழைத்தவர்களுக்குத் தொகையின் ஒரு பகுதியாவது எங்கோ ஒரு கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டதை நானே பார்த்திருக்கிறேன். அழைக்கும்போது குறுஞ்செய்தியில் உள்ள பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்திருங்கள். அதைத்தான் முதலில் கேட்பார்கள், ஆகவே அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள்.