‘சொல்லவும்’ மரியாதையா, பலகை வாசகமா?

கொண்டலாம்பட்டி:
ஏற்காட்டிலிருந்து பெரியப்பா வாட்ஸப்பில் குரல் பதிவு போட்டார். “ஞாயித்துக்கிழமை வரும்போது செவ்வாப்பேட்டையில அந்த…” அதோடு சரி. நான் “முழுதாக மீண்டும் சொல்லவும்” என்று அனுப்பினேன். நீல டிக் விழுந்து இரண்டு நாள் ஆகிறது, பதில் இல்லை. எப்படிக் கேட்டிருக்க வேண்டும்?

ஓமலூர் செந்தமிழ்:
நீங்கள் கேட்டதில் ஒரு குற்றமும் இல்லை தம்பி. போன வாரம் இங்கே ஒரு அம்மையார் “சொல்லவும் என்பது ரேஷன் கடைப் பலகைத் தமிழ்” என்று அருள்வாக்கு கொடுத்தார். அன்றிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. ‘சொல்லவும்’ என்பதில் ‘நீ’யும் கிடையாது, ‘நீங்கள்’ளும் கிடையாது. பெரியவரை எந்தச் சொல்லாலும் சுட்டாமல் ஒதுங்கி நின்று கேட்கிறோம். அதைவிட மரியாதை ஏது? ‘ங்க’ போட்டு இழுப்பதெல்லாம் வாய்க்கு வந்த கொச்சை.

மிளகுக்கொடி:
அந்த அம்மையார் நான்தான். வணக்கம்.

ஆளைச் சுட்டவில்லை என்பது சரி. அதனால்தான் அது பலகைக்குப் போனது. “வரிசையில் நிற்கவும்”, “செருப்பை வெளியே விடவும்” என்று எழுதுகிறவருக்கு யார் படிப்பார்கள் என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. பெரியப்பாவை உங்களுக்குத் தெரியும். தெரிந்த ஒருவரை யாரோ மாதிரி நடத்தினால் அது ஒதுங்கி நிற்பது ஆகாது, ஒதுக்கி வைப்பது. ‘பெரியப்பா’ என்ற சொல்கூட அந்தச் செய்தியில் இல்லை, கவனித்தீர்களா?

ஆனால் உண்மையில் காயப்படுத்தியது ‘சொல்லவும்’ இல்லை. அதற்கு முன்னால் இருக்கும் ‘முழுதாக’. கட்டைவிரலை மைக் பட்டனில் அழுத்திக்கொண்டே பேச வேண்டும், விரல் எடுத்தால் அந்த நொடியே போய்விடும். வயதான விரல் நழுவியிருக்கிறது. அவர் கையில் பதிவு போய்விட்டது, டிக்கும் விழுந்துவிட்டது. போட்டதைத் திரும்பக் கேட்டுப் பார்க்கும் பழக்கம் அந்த வயதில் எத்தனை பேருக்கு? அறுந்தது அவருக்குத் தெரியவே தெரியாது. தான் முழுதாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டிருக்கிறவரிடம் “முழுதாகச் சொல்” என்றால், “நீ பாதிதான் சொன்னாய்” என்று அண்ணன் மகன் திருத்துகிற மாதிரி.

ஓமலூர் செந்தமிழ்:
பார்த்தீர்களா, ‘சொல்லவும்’ குற்றமில்லை என்று அவரே ஒத்துக்கொண்டார்.

மிளகுக்கொடி:
ஒத்துக்கொள்ளவில்லை. அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று இருக்கிறது என்றேன். அப்புறம், அண்ணன் மகன் இல்லை, தம்பி மகன். பெரியப்பா என்றாரே. என் தவறு. இதாவது ஒத்துக்கொள்கிறேன்.

ஆத்தூர் வாசல்:
இதே மாதிரி எனக்கும் நடந்தது! கல்யாணமான புதுசு. மாமியார் கொல்லையிலிருந்து ஏதோ சொன்னார், காற்றில் பாதிதான் கேட்டது. நான் சமையல்கட்டிலிருந்து “என்ன?” என்றேன். அவ்வளவுதான். மூன்று மாதம் “உன் மருமகள் என்னை ‘என்ன’ங்கிறா” என்று ஊர் முழுக்கப் பேச்சு. ஆனால் சொந்த அம்மாவை நான் ‘நீ’ என்றுதான் கூப்பிடுவேன், அவளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஆக மரியாதை சொல்லில் இல்லை, மாமியாரில்தான் இருக்கிறது. கேட்டவருக்கும் மாமியார் வகைப் பெரியப்பா வாய்த்திருக்கிறார்.

கோவைப்பழம்:
“என்னங்க?” என்று கேட்டிருந்தால் மூன்று மாதம் மிச்சம். இந்த ‘ங்க’ எங்கள் கோவைக்காரர்கள் கொடுத்த கொடை. சேலத்துக்காரர்கள் அதைப் பாதி கற்றுக்கொண்டு பாதியில் விட்டுவிட்டார்கள்.

கொலுசுப்பட்டறை:
கற்றுக்கொண்டோமா? எங்கள் சங்ககிரி, எடப்பாடி பக்கம் போய்க் கேளுங்கள். நாய்க்குக்கூட ‘ங்க’ போடுவார்கள். கொடை கொடுக்க வந்துவிட்டார்.

கோவைப்பழம்:
சங்ககிரி கொங்கு. சேலம் டவுன் கொங்கா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

கொலுசுப்பட்டறை:
தட்டுவடை செட்டைப் பற்றிப் பேசும்போதும் இதே ஆள் இப்படித்தான் “சேலம் டவுனுக்கு என்ன தெரியும்” என்று வந்தார். அன்றைக்கு நான் விட்டுவிட்டேன்.

மிளகுக்கொடி:
இரண்டு பேரும் கொஞ்சம் நகருங்கள். இதில் ‘கொஞ்சம்’ என்று போட்டேனே, அது அளவு இல்லை, கட்டளையின் முனையை மழுக்குவதற்கு. “கொஞ்சம் சொல்லுங்க” என்றால் யாரும் அரைக்கால் வாக்கியம் சொல்லிவிட்டு நிறுத்துவதில்லை.

கேட்டவருக்கு. பேசும்போது நாம் சொல்லும் இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். “பாதியில நிறுத்திட்டீங்க.” “பாதியில நின்னுடுச்சுங்க.” முதலாவதில் நிறுத்தியவர் பெரியப்பா. இரண்டாவதில் அது தானாக நின்றது, யார் மேலும் பழி இல்லை. முதலாவதிலும் ‘நீங்க’ ஒளிந்திருக்கிறது. பார்த்தால் பன்மை, மரியாதை எல்லாம் இருக்கிறது. ஆனால் குத்துகிறது. இதைவிட நல்லது, குறையை நம் காதின் மேல் போட்டுக்கொள்வது. “எனக்குச் சரியா காதுல விழலைங்க.”

அடுத்தது, எங்கே அறுந்தது என்று அவருடைய சொல்லையே திருப்பிச் சொல்ல வேண்டும். “பெரியப்பா, ‘செவ்வாப்பேட்டையில அந்த’ங்கிற வரைக்கும் கேட்டுச்சுங்க. அதுக்கப்புறம் விட்டுப்போச்சு. அதுக்கப்புறம் என்னங்க சொன்னீங்க?” இப்படிக் கேட்டால் அவர் முதலிலிருந்து எல்லாம் சொல்ல வேண்டாம், ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். ‘மீண்டும்’ என்று நீங்கள் எழுதியது அவருக்கு வேலையை இரட்டிப்பாக்கியது.

ஓமலூர் செந்தமிழ்:
இவ்வளவு நீட்டி முழக்குவதற்கு ‘சொல்லவும்’ என்று ஐந்து எழுத்தில் முடித்திருக்கலாம். என் தந்தைக்கு விடுதியிலிருந்து எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் “பணம் அனுப்பவும்” என்றுதான் முடித்தேன். ஒரு நாளும் கோபித்ததில்லை. தந்தியிலும் “உடனே புறப்பட்டு வரவும்” என்றுதான் போனது. அதெல்லாம் அவமரியாதையா?

மிளகுக்கொடி:
தந்தியில் சொல்லுக்குக் காசு. அந்தச் சேவையே 2013 ஜூலையில் மூடியாகிவிட்டது. வாட்ஸப்பில் ‘பெரியப்பா’ என்று சேர்த்தால் யாரும் கூடுதல் கட்டணம் கேட்பதில்லை.

கடிதத்தில் நீங்கள் சொல்வது பாதி சரி. ஆனால் அந்த ‘அனுப்பவும்’ தனியாகவா நின்றது? மேலே “அன்புள்ள அப்பாவுக்கு” இருந்திருக்கும், நடுவில் நலம் விசாரிப்பு இருந்திருக்கும், கீழே “தங்கள் அன்பு மகன்” இருந்திருக்கும். தலையும் காலும் மரியாதையாக இருந்ததால் நடுவில் ஒரு ‘வும்’ பிழைத்துக்கொண்டது. இங்கே தலையும் இல்லை, காலும் இல்லை, ‘வும்’ மட்டும் வந்து நிற்கிறது.

ஓமலூர் செந்தமிழ்:
சரி, இலக்கணத்துக்கே வருவோம். ஒருவரைப் பன்மையில் கூறுவது இலக்கணமே இல்லை என்று தொல்காப்பியம் சொல்கிறது. ஆகவே உங்கள் ‘சொன்னீங்க’ பிழை. ‘சொல்லவும்’ பிழையற்றது. முடிந்தது.

மிளகுக்கொடி:
முடியவில்லை. அதே நூற்பா அதை “உயர்சொற் கிளவி” என்றும் சொல்கிறது, வழக்கில் இருக்கிறது என்றும் சொல்கிறது. கிளவியாக்கத்தில் இருக்கிறது, கடைசி அடியை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டீர்கள். உயர்த்திச் சொல்கிற வழக்கு அப்போதே இருந்தது. நீங்கள் இந்த விவாதம் முழுக்க என்னை ‘அவர்’ என்றும் கேட்டவரை ‘நீங்கள்’ என்றும்தானே எழுதுகிறீர்கள்? இலக்கணப்படி ‘நீ’ போட்டிருக்க வேண்டாமா?

ஓமலூர் செந்தமிழ்:
தனிநபர் தாக்குதலுக்கு நான் பதில் சொல்வதில்லை. ‘சொல்லவும்’ மரியாதைதான்.

ஆத்தூர் வாசல்:
வெறுமனே “சொல்லுங்க பெரியப்பா” என்று அனுப்பினால் போதாதா? இதற்கு ஏன் இத்தனை பஞ்சாயத்து?

மிளகுக்கொடி:
நேரில் என்றால் போதும், அழகும் கூட. பேச்சை விட்ட இடத்தில் முகத்தைப் பார்த்து “சொல்லுங்க” என்றால் அவரே தொடர்வார். எழுத்தில் வந்தால் வேறு மாதிரி. போனை எடுத்ததும் “சொல்லுங்க” என்கிறோமே, அதற்கு ‘என்ன விஷயம்’ என்று பொருள். சொல்லி முடித்ததாக நினைப்பவருக்கு “சொல்லுங்க” என்று வந்தால், “அதான் சொன்னேனே” என்று வைத்துவிடுவார். “சொல்லுங்களேன்” என்றால் பேத்தி கெஞ்சுகிற மாதிரி, அவரவர் வீட்டுச் செல்லத்தைப் பொறுத்தது. “சொல்லுங்க பாக்கலாம்” மட்டும் வேண்டவே வேண்டாம், அது ஒன்றாம் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வது.

கோவைப்பழம்:
அந்த அம்மா எழுதிக்கொடுத்த செய்தியில் ‘சொன்னீங்க’வை விட்டுவிட்டால் இரண்டே இரண்டு ‘ங்க’. எங்கள் ஊரில் என்றால் “விட்டுப்போச்சு”க்கும் ஒன்று விழுந்திருக்கும்.

மிளகுக்கொடி:
வேண்டுமென்றேதான் விட்டேன். ஒவ்வொரு சொல்லிலும் ஒட்டினால் எங்கள் மலையில் நக்கல் என்று நினைப்பார்கள். பேச்சில் குரல் அதைச் சமாளித்துவிடும், எழுத்தில் குரல் இல்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், “என்ன சொல்ல வந்தீங்க?” என்று கேட்காதீர்கள். சண்டையில் கேட்கிற கேள்வி அது. ‘சொன்னீங்க’ என்றால் அவர் சொல்லிவிட்டார், நமக்குத்தான் வந்து சேரவில்லை.

கொலுசுப்பட்டறை:
மலையில் நக்கல் என்று நினைப்பார்களா? என் சித்தி வீடு ஏற்காட்டில்தான். அங்கே யாரும் அப்படி நினைப்பதில்லை. அவரவர் தோட்டத்து வழக்கத்தை மலை முழுக்கப் பரப்பாதீர்கள்.

மிளகுக்கொடி:
இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் காட்டுகிறேன். உங்கள் சித்தியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

கொண்டலாம்பட்டி:
நடந்ததைச் சொல்கிறேன். மிளகுக்கொடி அக்கா எழுதியதை வாய்ஸாகவே பேசி அனுப்பினேன், கடைசியில் மட்டும் “என்ன வாங்கிட்டு வரணுங்க?” என்று மாற்றிவிட்டேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. “வாங்கறதா? யாரு வாங்கச் சொன்னா? செவ்வாப்பேட்டையில அந்தப் பட்டறைக்காரரைப் பாத்துட்டு, அவர்கிட்ட…” மறுபடி அறுந்துவிட்டது.

மிளகுக்கொடி:
நான் எழுதியதை மாற்றினால் இப்படித்தான். அவர் சொல்லாததை நீங்களாக இட்டு நிரப்பினீர்கள். இப்போது ‘அவர்கிட்ட’ வரைக்கும் கேட்டது என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள்.

ஆத்தூர் வாசல்:
போன் பண்ணினால் என்ன தம்பி?

கொண்டலாம்பட்டி:
பண்ணினேன் அக்கா. பெரியம்மாதான் எடுத்தார். பெரியப்பா காப்பிக் காட்டுக்குள் போய்விட்டாராம், அங்கே சிக்னல் இல்லையாம். என்ன விஷயம் என்று பெரியம்மாவுக்கும் தெரியாதாம்.

கொலுசுப்பட்டறை:
பட்டறைக்காரர் என்றால் எந்தப் பட்டறை? செவ்வாப்பேட்டையில் தெருவுக்குப் பத்து இருக்கிறது.

ஓமலூர் செந்தமிழ்:
பெரியம்மாவிடம் தெரிவித்து, பெரியப்பா வந்ததும் சொல்லச் சொல்லவும்.

மிளகுக்கொடி:
இரண்டு ‘சொல்ல’ போட்டும் ஒரு ‘ங்க’ வரவில்லை பாருங்கள் இவருக்கு.