"40%" பெரிசு, "வரை" சின்னன்: நோட்டீஸ் புரூப் திருத்தியவர்கள் கண்டதைச் சொல்லுங்கள்

மூக்குக்கண்ணாடி
பிரதான வீதியில் ஒரு கண்ணாடிக் கடையின் நோட்டீஸ். ஏ5, இரண்டாயிரம் கொப்பி. புரூப் பிடிஎஃப்பாக வந்தது. கடையிலேயே பிரிண்ட் எடுத்துப் பார்த்தார்கள், அடியில் இருந்த நிபந்தனைகள் எல்லாம் வாசிக்க முடிந்தது, ஓகே சொல்லியாகிவிட்டது. அச்சாகி வந்த கட்டைப் பிரித்தால் அதே வரிகள் எறும்பு ஊர்ந்த மாதிரிக் கிடக்கின்றன. பிரஸ்காரரோடு சண்டைக்குப் போகாத குறை. பிறகுதான் விளங்கியது: ஏ5 பக்கத்தை ஏ4 தாளில் எடுக்கும்போது பிரிண்டரில் Fit என்று இருந்திருக்கிறது. அது பக்கத்தை 141 வீதமாகப் பெருப்பித்துவிடும். 5.5 பொயின்ட் எழுத்தை 7.8 பொயின்டாகப் பார்த்துவிட்டு ஓகே சொல்லியிருக்கிறார்கள். Actual size வைத்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும்.

அதைவிட மோசமானது கவுன்டரில் நடந்தது. நோட்டீஸில் "40%" பாதிப் பக்கத்துக்கு. பக்கத்தில் "வரை" என்று ஒரு சின்னச் சொல். "பிரேமுக்கு மட்டும், லென்ஸுக்குக் கழிவு இல்லை" என்பது அடியில், மஞ்சள் பட்டையில் வெள்ளை எழுத்து. ஒரு அம்மா 8,000 ரூபா பிரேமும் 12,000 ரூபா லென்ஸும் எடுத்தார். மொத்தம் இருபதாயிரம், 40 வீதம் போனால் 12,000 என்று அவர் கணக்கு. பில் 16,800. நோட்டீஸை எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்து, கடைசியில் கடையின் சோதனைக் கண்ணாடியைப் போட்டுத்தான் அந்த வரியைக் கண்டார்.

அடுத்த அச்சுக்கு அதே டிசைன்தான். புரூப்பில் எங்கெங்கே எப்படிக் குறிப்பீர்கள்?

அச்சுமை
முதல் குறி "40%"இல் இல்லை, "வரை"யில். "40% வரை" என்பது ஒரே வாக்கு. டிசைனர் அதை இரண்டாகப் பிரித்து ஒன்றைக் கத்தவிட்டு மற்றதை முணுமுணுக்க விட்டிருக்கிறார். "வரை, இலக்கத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது வேண்டும், அதே நிறத்தில், இலக்கத்தோடு ஒட்டி" என்று எழுதுங்கள். "கொஞ்சம் பெரிசாக்குங்கோ" என்று எழுதினால் ஒரு பொயின்ட் கூட்டி அனுப்புவார்கள்.

இரண்டாவது, பிரேம் வரியை வட்டமிட்டு, அம்புக்குறியால் "40%"க்கு நேர் கீழே கொண்டுபோங்கள். நிபந்தனைகளை நான் இரண்டாகப் பிரிப்பேன். பில்லில் வரும் தொகையை மாற்றுவது ஒரு வகை: பிரேமுக்கு மட்டும், இவ்வளவுக்கு மேல் வாங்கினால் மட்டும், இந்தத் திகதி வரை. இவை சலுகையின் பாகம், சலுகைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். மற்றது வீட்டுக்காரியம்: வேறு சலுகையோடு சேர்க்க முடியாது, இருப்பு உள்ளவரை, கழிவுக்குப் பதில் காசு தரப்படாது. இவை அடியில் போகலாம். முதல் வகையை அடியில் ஒளிப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகார சபைச் சட்டத்தோடும் உரசும், வாங்குபவரைத் தவறாக வழிநடத்துவதை அது தடுக்கிறது. ஆனால் சட்டம் வரும் முன்பே கவுன்டரில் சண்டை வந்துவிடும்.

அடியில் போனாலும் வாசிக்க வேண்டுமே. பொயின்ட் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். ஒரே 8 பொயின்டில் ஒரு ஃபொண்ட் பெரிதாகத் தெரியும், இன்னொன்று குறுகி நிற்கும். சரியான அளவில் எடுத்த பிரிண்டில் அடிமட்டத்தை வைத்து "ம" எழுத்தின் உயரத்தை அளவுங்கள். ஒன்றரை மில்லிமீற்றருக்குக் கீழே போனால் குறியுங்கள். ஐரோப்பாவில் உணவு லேபிளுக்கு ஆங்கிலச் சின்ன எக்ஸ் 1.2 மில்லிமீற்றர் இருந்தால் போதும் என்கிறார்கள். நம் "ணை", "ஞ", "கூ" எல்லாம் சுழியும் வளைவுமாக இருப்பதால் அந்த அளவில் அடைந்துபோகும்.

நிறம்: வெள்ளை எழுத்தை நாலு கலர் மஞ்சள் பட்டையில் வெட்டக்கூடாது. மஞ்சளும் வெள்ளையும் ஏற்கெனவே கண்ணுக்கு ஒன்றுபோல. அதோடு நாலு பிளேட்டும் மயிரிழை விலகினால் மை எழுத்துக்குள் ஏறி முதலில் மெய்யெழுத்தின் புள்ளிதான் அடைபடும், "லென்ஸ்" "லெனஸ" ஆகிவிடும். "வெள்ளைத் தாளில், கறுப்பு மை ஒன்றில் மட்டும்" என்று குறியுங்கள்.

பால்கனி
இதுக்கு இவ்வளவு தேவையில்லை. சின்ன எழுத்து வாசிக்க முடியாவிட்டால் போல்ட் பண்ணச் சொல்லுங்கள், முடிந்தது. எங்கட ஒஃபிஸ் நோட்டீஸ் எல்லாம் அப்படித்தான்.

அச்சுமை
ஆங்கிலத்தில் ஓரளவு சரி. தமிழில் 6 பொயின்டைப் போல்ட் பண்ணினால் கோடு தடித்து உள்வெளி போய்விடும். "இ"யின் சுழியையும் "ண"வின் மூன்று சுழியையும் பாருங்கள், கறுப்புப் பொட்டாகத் தெரியும். போல்ட் 9, 10 பொயின்டுக்கு மேலே.

பால்கனி
சரி, ஆனால் வெளிறிய சாம்பல் எழுத்தைவிடப் போல்ட் நல்லதுதானே.

அச்சுமை
அதற்கு மருந்து கறுப்பாக்குவது.

பொடியன்_டிசைன்
அண்ணே, ஒரு பக்கம் மட்டும் கதைக்கிறீர்கள். எழுத்து சின்னதாகிறது டிசைனர் ஆசைப்பட்டு இல்லை. மூன்று மொழி நோட்டீஸ் என்றால் ஆங்கிலத்தில் ஒரு வரியாக வந்தது தமிழில் இரண்டு வரி. கடைக்காரர் ஆங்கில நிபந்தனையை மட்டும் தந்து டிசைனை முடிக்கச் சொல்லுவார், கடைசி நாள் தமிழ் வரும், அதே பெட்டிக்குள் அடைக்க வேண்டும். பிறகு திருத்தம் வட்ஸ்அப்பில் வொய்ஸ் நோட்டாக நாலு நிமிசம்: "மேல இருக்கிறத எடுப்பா காட்டுங்கோ, கீழ இருக்கிறதும் தெரியோணும், லோகோ இன்னும் பெரிசா." இதிலே எதைச் செய்வது?

எனக்கு வந்த திருத்தங்களில் உருப்படியானது ஒன்று: பிரிண்டில் சிவப்புப் பேனையால் 1 முதல் 7 வரை இலக்கம் போட்டு, அதே இலக்கங்களோடு தாளின் ஓரத்தில் காரணம் எழுதியிருந்தார்கள். இலக்கம் 4: "லோகோ 45 மி.மீ. அகலம், 28 ஆக்கவும், அந்த இடத்துக்கு நிபந்தனை ஏறட்டும்." பெரிசாக்கச் சொல்கிறவர் எதைச் சின்னதாக்குவது என்றும் சொன்னால்தான் வேலை ஓடும். ஏ5 தாள் இழுபடாது. நிபந்தனையை வெட்டியும் தரலாம். "இச்சலுகையானது ஏனைய எந்தவொரு சலுகையுடனும் இணைத்து வழங்கப்படமாட்டாது" என்று வந்ததை "வேறு சலுகையோடு சேராது" என்று மாற்றித் தந்தார்கள். பத்தி முழுக்க இப்படிச் சுருங்கியதால் 5.5இல் இருந்தது 8க்கு வந்தது, பெட்டி அதே பெட்டி.

கிண்ணியா_நானா
இதையெல்லாம் பெனரில் எப்படிப் போடுறது? டொக்கியாட் வீதியில் கட்டின எட்டுக்கு நாலு அடி பெனர், அடியில் ஒரு முழ நிபந்தனை. ஓட்டோவில் போறவன் என்னத்தை வாசிப்பான்? பத்து அடித் தூரத்துக்கு ஒரு அங்குல எழுத்து என்கிறது கணக்கு. அறுபது அடியில் வாசிக்க ஆறு அங்குலம் வேணும். அதுக்கு நாலு சொல் போட்டால் பெனர் முடிஞ்சுது. பெனர் புரூப் வந்தால் நான் நிபந்தனைப் பெட்டியை முழுசாக வெட்டி "விபரம் கடையில்" என்று எழுதுவேன். போன் நம்பரையும் அடி ஓரத்தில் விடக்கூடாது. கயிறு கட்டுற கண் இருக்கிற இடம் அது, காற்றுக்கு மடிஞ்சு கடைசி இலக்கம் மறையும்.

மூக்குக்கண்ணாடி
நானா, கேட்டது கையில் கொடுக்கிற நோட்டீஸுக்கு. ஆனால் முழுதாக வெட்டினால் "பிரேமுக்கு மட்டும்" எங்கே போவது? பெனரிலும் அதே அம்மா வருவாரே.

கிண்ணியா_நானா
அது சரி. அப்ப "40%"ஐப் போடாமல் "பிரேம் விலைக்கழிவு" என்று மட்டும் போடோணும். அதைக் கடைக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

உப்புவெளி_அக்கா
தொடர்பு விபரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கெஸ்ட்ஹவுஸ் ஒன்றின் டிராப்டில் அடியில் வரிசையாக ஐந்து குறி: 026 நம்பர், கைப்பேசி, வட்ஸ்அப், முகநூல், மின்னஞ்சல். எல்லாம் 7 பொயின்ட், எல்லாம் சம அளவு. எதற்கு அடிப்பது என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. கேட்டால், 026க்கு இரவு எட்டுக்குப் பிறகு ஆளில்லை, முகநூலை யாரும் பார்ப்பதில்லை, வட்ஸ்அப்தான் நடக்கிறது. அப்படியென்றால் அந்த ஒரு நம்பரை 16 பொயின்டில் தனி வரியாகப் போட்டு, மற்றவற்றை 8இல் விடுங்கள் என்று குறிக்க வேண்டியதுதான். நம்பரை 3-3-4 ஆகப் பிரித்து இடைவெளி விடச் சொல்லுங்கள். பத்து இலக்கமும் ஒட்டி நின்றால் அடிக்கும்போது ஒன்று தவறும். புரூப்பில் நம்பரைக் கண்ணால் சரிபார்க்காமல், தாளைப் பார்த்து உண்மையாகவே டயல் பண்ணிப் பாருங்கள்.

விலாசத்தில் வீதி இலக்கத்தைவிட அடையாளம் முக்கியம். "கடற்கரைப் பக்கம், இன்ன சந்தியிலிருந்து இரண்டாவது ஒழுங்கை" என்றால் ஆள் வரும். திகதியை 05/06 என்று விட்டால் வெளிநாட்டுக்காரர் ஒருவர் மே என்பார், ஒருவர் ஜூன் என்பார். மாதத்தை எழுத்தில் போடச் சொல்லுங்கள்.

மின்னஞ்சலையும் பாருங்கள். டிசைனர் பாமினி ஃபொண்டில் தட்டியிருந்தால் ஆங்கிலமும் தமிழ் எழுத்தாகிவிடும். பாமினியில் `mk;kh` என்று தட்டினால்தான் "அம்மா" வரும். மின்னஞ்சல் வரியை ஆங்கில ஃபொண்டுக்கு மாற்ற மறந்த டிராப்டில் விலாசம் என்று நின்றது யாரும் வாசிக்க முடியாத தமிழ். முதலாளி அதைத் தமிழ் வாசகம் என்று நினைத்து விட்டுவிட்டார்.

இன்னொன்று, கியூஆர் போட்டால்...

பொடியன்_டிசைன்
அக்கா, கண்ணாடிக் கடைக்குக் கியூஆர் வேண்டாம். இதுக்கே இடமில்லை.

மூக்குக்கண்ணாடி
சொன்னபடி குறித்து அனுப்பி இரண்டாவது புரூப் வந்துவிட்டது. "40% வரை" ஒன்றாக, கீழே "பிரேமுக்கு மட்டும்", கறுப்பு எழுத்து, லோகோ சுருங்கிவிட்டது. குறித்த ஏழு இடமும் சரி. குறிக்காத இடத்தில் ஒன்று மாட்டுப்பட்டது: முன்பு "40%"க்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இருந்தது, பிரேம் வரி மேலே ஏறியபோது டிசைனர் அதை எடுத்துவிட்டார். அடியில் நிபந்தனைக்கு முன் நட்சத்திரம் அப்படியே நிற்கிறது, மேலே அதற்குச் சோடி இல்லை. ஆகவே இரண்டாவது புரூப்பில் இலக்கம் போட்ட இடத்தை மட்டும் பார்க்க வேண்டாம், முதல் வரியிலிருந்து வாசியுங்கள்.

முதலாளி இப்போது வேறொன்று கேட்கிறார்: வீதத்தை விட்டுவிட்டு "8,000 ரூபா பிரேம் 4,800" என்று போட்டால் என்ன என்று.

அச்சுமை
அப்படிப் போட்டால் "வரை" தேவையில்லை, லென்ஸ் குழப்பமும் பாதி போய்விடும். நான் அதைத்தான் எடுப்பேன்.

பொடியன்_டிசைன்
ஆனால் தூரத்தில் "40%" இழுக்கிற மாதிரி "4,800" இழுக்காது. இரண்டையும் போட்டால் திரும்ப எது பெரிது என்ற சண்டை.