24ஆம் மாதம் 21.58 மீதி நிற்கிறது: போனும் திட்டமும் சேர்ந்த கணக்கு, அவசர உதவி

செந்தில்_ஓஎம்ஆர்
வணக்கம். போனையும் மாதத் திட்டத்தையும் சேர்த்து விற்ற ஒப்பந்தம். விலையை இரண்டுக்கும் பிரித்துவிட்டேன். போனுக்கு 663.34 வந்தது, முதல் நாளே வருவாயில் எடுத்தாயிற்று. போனுக்காக இனி வர வேண்டிய பணத்தை ஒப்பந்தச் சொத்தாக வைத்து, அதிலிருந்து மாதம் 16.74 கழிக்கிறேன். 24ஆம் மாதம் பூஜ்யம் வர வேண்டும், ஆனால் 21.58 நிற்கிறது. எல்லா ஒப்பந்தங்களிலும் இதே கதை. நாளைக் காலை தணிக்கையாளர் வருகிறார். எங்கே தவறு என்று யாராவது சொல்லுங்கள்.

எக்செல் ஏகாம்பரம்
தசமத் தொல்லை, வேறொன்றும் இல்லை. 16.74 என்பது முழுமையான எண்ணாக இருக்காது, மூன்றாம் நான்காம் தசமத்தை நீங்கள் வெட்டியிருப்பீர்கள். அது 24 மாதம் சேர்ந்து மலையாகிறது. கடைசி மாதத்தில் மீதி முழுவதையும் கழித்துவிடுங்கள். எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான் செய்கிறோம், எந்தத் தணிக்கையாளரும் இதுவரை வாய் திறந்ததில்லை.

காரைக்குடிக் கணக்கர்
ஏகாம்பரம், ஒரு மாதத்துக்கு அரைக் காசுக்கு மேல் வெட்ட முடியாது. 24 மாதத்துக்கு அதிகம் போனால் 12 காசு. 21 டாலரோ ரூபாயோ வெட்டுப்பட்டு வராது.

செந்தில் தம்பி, எந்த நாட்டுக் கணக்கு? வாடிக்கையாளர் முதல் நாள் எவ்வளவு கட்டினார், மாதம் எவ்வளவு கட்டுகிறார்? போனைத் தனியாக வாங்கினால் என்ன விலை? இவை இல்லாமல் சோழிதான் உருட்ட வேண்டும்.

பேரேடு
மாதம் இரண்டு முறை இதே கேள்வி வருகிறது. ஐஎஃப்ஆர்எஸ் 15 என்ற வருவாய்க் கணக்கு விதியில் 76 முதல் 80 வரையிலான பத்திகளைப் படித்தவர் இப்படிக் கேட்க மாட்டார். எண்களையே தராமல் பதில் கேட்பவருக்கு உதவுவது எப்படி?

மாம்பலம் மங்கை
என் மகனுக்கும் இதே பிரச்சினைதான். சிங்கப்பூரில் இருக்கிறான், இரண்டு வருட ஒப்பந்தத்தில் போன் வாங்கினான். பத்தாவது மாதம் இணைப்பை முறித்ததற்கு 300 டாலருக்கு மேல் கட்டச் சொல்கிறார்கள். போன்தான் முதலிலேயே பணம் கொடுத்து வாங்கியாயிற்றே, பிறகு எதற்கு இந்தப் பணம்? யாரிடம் முறையிடுவது?

செந்தில்_ஓஎம்ஆர்
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். நாங்கள் சென்னையில் இருந்து சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றின் கணக்கைப் பார்க்கிறோம். எல்லாம் சிங்கப்பூர் டாலர். போனுக்கு முன்பணம் 240, மாதக் கட்டணம் 60, 24 மாதம். கடையில் அதே போனைத் தனியாக வாங்கினால் 920. திட்டத்துக்கு 60 × 24 = 1440 எடுத்தேன். 920க்கும் 1440க்கும் உள்ள விகிதத்தில் பிரித்தேன்.

பழைய தொலைபேசிக்காரர்
இதற்கு ஏன் இத்தனை சுற்று? முப்பது வருடம் இந்தத் துறையில் இருந்தவன் சொல்கிறேன். போனுக்குக் கையில் வந்தது 240, ஆகவே போன் வருவாய் 240. மாதா மாதம் 60 வருகிறது, அது சேவை வருவாய். மீதியும் நிற்காது, ஒப்பந்தச் சொத்தும் வேண்டாம். கைக்கு வராத பணத்தை முதல் நாளே வருவாயாகக் காட்டுவது எந்த ஊர் நியாயம்?

காரைக்குடிக் கணக்கர்
ஐயா சொல்வது 2018க்கு முன்பு பலரும் வைத்திருந்த முறை. போனின் பங்கை அன்றைக்குக் கைக்கு வந்த தொகையோடு நிறுத்திவிடுவார்கள். அந்த ஆண்டு ஜனவரி முதல் ஐஎஃப்ஆர்எஸ் 15 என்ற புதிய விதி வந்துவிட்டது. 920 டாலர் போனை ஒருவர் 240க்கு எடுத்துப் போகிறார் என்றால் மிச்சத்தை அவர் மாதக் கட்டணத்துக்குள் வைத்துக் கட்டுகிறார் என்பதுதான் அதன் பார்வை. போன் கை மாறிவிட்டது, அதன் பங்கு வருவாய் அன்றைக்கே.

செந்தில் தம்பி, இப்போது உங்கள் எண்ணுக்கு வருகிறேன். 240 + 1440 = 1680. இதை நீங்கள் சொன்ன விகிதத்தில் பிரித்தால் போனுக்கு 1680 × 920 ÷ 2360, அதாவது 654.92 வர வேண்டும். உங்களிடம் இருப்பது 663.34. எனவே நீங்கள் பிரித்த மொத்தம் 1680 இல்லை. 663.34இலிருந்து பின்னால் நடந்து போனால் 1701.60 சுமாருக்கு வருகிறது. 21.60 அதிகம். 240க்கு 9 சதவீதம் எவ்வளவு என்று பாருங்கள்.

கடை ரசீதில் முன்பணம் ஜிஎஸ்டியோடு 261.60 என்று இருந்ததா?

எக்செல் ஏகாம்பரம்
அப்படியானால் 21.60 தானே நிற்க வேண்டும், 21.58 ஏன்? அந்த 2 காசு என் தசமம்தான்! முழுத் தவறு இல்லை என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

காரைக்குடிக் கணக்கர்
ஒப்புக்கொண்டேன், 2 காசு உங்களுடையது.

ஆனால் கடைசி மாதத்தில் மொத்தமாகக் கழித்துவிடும் உங்கள் பழக்கம் ஆபத்து. அந்த மீதிதான் இவருக்கு எச்சரிக்கை மணி. விலையை எந்த விகிதத்தில் பிரித்தாலும் மீதி நிற்காது. போனுக்குப் பாதி கொடுங்கள், முக்கால் கொடுங்கள்: முதல் நாள் கூடுதலாக எடுத்தது மாதச் சேவை வருவாயில் குறைந்துவிடும், 24ஆம் மாதம் பூஜ்யத்தில்தான் முடியும். மீதி நின்றால் பிரித்த மொத்தமும் பில் போட்ட மொத்தமும் வேறு என்று பொருள். வரி, தள்ளுபடிக் கூப்பன், ஒரு மாதம் இலவசம், இப்படி ஏதாவது ஒன்று ஒரு பக்கம் மட்டும் நுழைந்திருக்கும். ஜிஎஸ்டி அரசுக்காக வாங்கும் பணம், பிரிக்கும் விலைக்குள் அது வரக் கூடாது.

பேரேடு
மீதி பூஜ்யமானதும் கணக்கு சரி என்று கிளம்பிவிடப் போகிறார். மேலே எழுதியதிலேயே பெரிய தவறு இருக்கிறது, ஒருவர் கண்ணிலும் படவில்லை. திட்டத்தின் தனி விலை 60 என்று யார் சொன்னது? போன் இல்லாமல் வெறும் சிம் வாங்குபவரும் 60 கட்டுகிறாரா?

செந்தில்_ஓஎம்ஆர்
விலைப்பட்டியலில் அந்தத் திட்டத்துக்கு 60 என்றுதான் இருக்கிறது. சிம் மட்டும் வாங்கினால் 45.

காரைக்குடிக் கணக்கர்
பேரேடு சொல்வது சரி, எனக்கும் 60 கண்ணில் பட்டிருக்க வேண்டும். தம்பி, அந்த 60க்குள் போன் காசும் ஒளிந்திருக்கிறது. அதைச் சேவையின் தனி விலையாக எடுத்தால் போனின் பங்கு குறைந்துபோகும். 45இல் போட்டுப் பாருங்கள். 45 × 24 = 1080. போன் 920. சேர்ந்தால் 2000. வாடிக்கையாளர் கொடுப்பது 1680, அதாவது நூற்றுக்கு 84. இரண்டுக்கும் ஒரே அளவில் தள்ளுபடி போகிறது: போனுக்கு 772.80, சேவைக்கு 907.20, மாதம் 37.80.

முதல் நாள் போன் வருவாய் 772.80, கையில் 240, ஒப்பந்தச் சொத்து 532.80. மாதம் 60 பில் போகும்போது 37.80 சேவை வருவாய், 22.20 சொத்திலிருந்து கழியும். 22.20 × 24 = 532.80. காசு பிசகாது.

60இல் பிரித்தால் போனுக்கு 654.92, 45இல் பிரித்தால் 772.80. ஒரு போனுக்கு 117.88 வித்தியாசம், ஆனால் அட்டவணையின் கடைசி வரியில் இரண்டுமே பூஜ்யம்தான் காட்டும். தணிக்கையாளர் கேட்க வேண்டியது இதைத்தான். அந்த 920 வரி நீங்கியதுதானே?

பழைய தொலைபேசிக்காரர்
சரி, புதிய விதியே இருக்கட்டும். போன் விலை 920 எல்லோருக்கும் தெரியும். 1680இல் 920ஐக் கழித்து மீதி 760ஐச் சேவைக்குக் கொடுத்தால் வேலை முடிந்ததே?

பேரேடு
கழித்து எடுக்கும் வழிக்கு நிபந்தனை உண்டு. ஒன்றின் விலை ஆளுக்கு ஆள் மிகவும் மாற வேண்டும், அல்லது இன்னும் விலையே வைக்கப்படாமல், தனியாக விற்கப்படாமல் இருக்க வேண்டும். இங்கே சிம் கடை வாசலிலேயே 45க்கு விற்கிறது. தள்ளுபடி முழுவதையும் சேவையின் தலையில் கட்ட உங்களுக்கு அனுமதி கிடையாது. அடுத்து வட்டி. போனுக்கான 532.80 இரண்டு வருடம் இழுத்து வருகிறது. ஒரு வருடத்துக்குள் வந்தால்தான் வட்டியைக் கண்டுகொள்ளாமல் விடும் சலுகை. யாரும் அதைப் பேசவே இல்லை.

பழைய தொலைபேசிக்காரர்
சிம் கார்டுக்கும் வட்டிக்கடைக் கணக்கா! ஆண்டுக்கு 6 சதவீதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், மாதத் தவணையில் திரும்பும் பணத்துக்கு மொத்தம் 32 டாலர்தான் வரும். 1680 டாலர் ஒப்பந்தத்தில் அது 2 சதவீதம்கூட இல்லை. கணிசமான வட்டி என்றால்தான் பிரிக்க வேண்டும்.

பேரேடு
532.80ஓடு ஒப்பிட்டால் 6 சதவீதம். எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பழைய தொலைபேசிக்காரர்
விதி ஒப்பந்தம் முழுவதையும் பார்க்கச் சொல்கிறது. உங்களுக்கு வசதியான துண்டை வெட்டி எடுத்துக்கொள்ள முடியாது.

பேரேடு
லட்சம் ஒப்பந்தம் இருந்தால் 32 லட்சம் டாலர். அப்போதும் இதையே சொல்வீர்களா?

பழைய தொலைபேசிக்காரர்
சொல்வேன். கணிசமா இல்லையா என்பதை ஒவ்வொரு ஒப்பந்தமாகத்தான் பார்க்க வேண்டும், லட்சத்தால் பெருக்கி அல்ல.

மாம்பலம் மங்கை
என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

காரைக்குடிக் கணக்கர்
மன்னியுங்கள் அம்மா. இந்த இழை நிறுவனத்தின் பேரேட்டைப் பற்றியது, ஆனாலும் உங்கள் கேள்விக்கு ஒரு தொடர்பு உண்டு. மேலே உள்ள எடுத்துக்காட்டில் பத்து மாதம் கழித்து ஒப்பந்தச் சொத்தில் 310.80 பாக்கி நிற்கும். போனுக்காக இன்னும் வர வேண்டிய பணம் அது. நடுவில் முறித்தால் கேட்கும் தொகை பெரும்பாலும் இதை மீட்கத்தான், ஆகவே போனுக்கு முழுப் பணம் கொடுத்தாயிற்று என்று உங்கள் மகன் வாதாடுவது கடினம். கையெழுத்திட்ட தாளில் மாத வாரியாகத் தொகை எழுதியிருக்கும். கேட்கும் தொகை அதைவிட அதிகமா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

எக்செல் ஏகாம்பரம்
செந்தில், மாதச் சூத்திரத்தில் இதைப் போட்டுவிடுங்கள், 2 காசும் நிற்காது. A மாத எண், B1 முதல் நாள் மீதி, C கழிக்கும் தொகை:

```
=IF(A2=24, B$1-SUM(C$1:C1), ROUND(B$1/24,2))
```

C1 காலியாக இருக்கட்டும். ஆனால் கடைசித் தொகை மற்ற மாதங்களைவிட 12 காசுக்கு மேல் விலகினால் சிவப்பாகக் காட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள். காரைக்குடியார் திட்டுவார்.

செந்தில்_ஓஎம்ஆர்
261.60தான். ரசீதிலிருந்து அப்படியே எடுத்திருக்கிறேன். மாதக் கட்டணம் பில்லிங்கிலிருந்து வரி இல்லாமல் வந்தது. 920 வரி நீங்கியதுதான், கடையில் 1002.80 என்று எழுதியிருக்கும். 240 போட்டதும் மீதி 4 காசுக்கு வந்துவிட்டது. மிக்க நன்றி.

45இல் ஒரு சிக்கல். சிம் திட்டத்தில் 80 ஜிபி, எங்கள் திட்டத்தில் 100 ஜிபி. மேலாளர் இரண்டும் ஒன்று இல்லை என்கிறார், 60ஐயே வைக்கச் சொல்கிறார்.

காரைக்குடிக் கணக்கர்
45 அப்படியே பொருந்தாது என்பதில் மேலாளர் சரி, அதற்காக 60க்குப் போவது சரியில்லை. 20 ஜிபியைத் தனியாக வாங்கினால் என்ன விலை என்று பாருங்கள். அது 3 டாலர் என்றால் தனி விலை 48, அதை வைத்து மறுபடி பிரியுங்கள். எங்கிருந்து எடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதித் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் தொடங்கிய நாளின் விலைதான் செல்லும். பிறகு போன் விலை இறங்கினாலும் பழைய ஒப்பந்தங்களைத் திரும்பப் பிரிக்க வேண்டாம்.

பேரேடு
முடிந்துபோன மாதங்களில் 60ஐ வைத்துப் பதிந்த வருவாயை என்ன செய்யப் போகிறார்? போன ஆண்டுக் கணக்கு மூடப்பட்டுவிட்டதா?

பேரேடு
செந்தில்?