இரண்டு கமாவால் 240 பெட்டியும் நனைந்தது: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

தறிச்சத்தம்: திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். போன மழையில் தூத்துக்குடிக்குப் போன லோடில் 240 பெட்டி. லாரியின் தார்ப்பாய் கிழிந்து 18 பெட்டி நனைந்துவிட்டது. அதை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டோம். பையருக்கு நான் எழுதிய வரி இது: "தி கார்ட்டன்ஸ், விச் காட் வெட், ஹேவ் பீன் டேக்கன் பேக்." அரை மணி நேரத்தில் போன் வந்தது. மொத்தச் சரக்கும் போய்விட்டதா, கப்பல் இடத்தை ரத்து செய்யவா என்று கேட்டார். எனக்குப் புரியவே இல்லை. எண்ணிக்கையை எழுதாதது என் தப்புதான், ஆனால் கமாவில் என்ன தப்பு?

கரும்பலகை: இருபது வருடமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். நம் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். இரண்டு கமாவுக்கு நடுவில் இருப்பது கூடுதல் தகவல். எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்க வேண்டும். உங்கள் வரியில் எடுத்துப் பாருங்கள்: 'பெட்டிகள் திரும்ப எடுக்கப்பட்டன.' எல்லாப் பெட்டியும் என்றுதானே ஆகிறது? அந்தப் பையர் சரியாகத்தான் படித்திருக்கிறார். கமா இல்லாமல் எழுதியிருந்தால், நனைந்தவை மட்டும் என்று பிரித்துக் காட்டியிருக்கும்.

நமக்கு இது ஏன் பிடிபடுவதில்லை என்றால், தமிழில் 'நனைந்த பெட்டிகள்' என்று பெயருக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறோம். எல்லாம் நனைந்ததா, சிலதா என்பதைச் சூழலை வைத்துப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் அந்த வேலையை எழுத்தில் கமா செய்கிறது. எழுதும்போது 'எந்தப் பெட்டி?' என்று கேளுங்கள். அந்தப் பகுதிதான் பதில் என்றால் கமா வேண்டாம்.

மூன்றாம் பெஞ்ச்: இவ்வளவு யோசிக்க வேண்டாம். படிக்கும்போது மூச்சு விடும் இடத்தில் கமா. பள்ளியில் அப்படித்தான் சொன்னார்கள், எனக்கு இதுவரை பிரச்சினை வந்ததில்லை.

கரும்பலகை: பல இடங்களில் அது பொருந்தும், அதனால்தான் நம்பிவிடுகிறோம். ஆனால் எழுவாய் நீளமாக இருந்தால் அதன் கடைசியிலும் மூச்சு வாங்குவோம். 'தி மேனேஜர் ஆஃப் அவர் ஈரோடு கோடவுன், இஸ் ஆன் லீவ்' என்று எழுதுவதை வாரத்துக்கு நாலு தாளில் பார்க்கிறேன். எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் ஒற்றைக் கமா வரக்கூடாது. அப்புறம், நான் மேலே சொன்னதில் கமா ஜோடியாக வர வேண்டும். முன்னால் போட்டுவிட்டுப் பின்னால் விடுவதும் அதிகம்.

ஏரிக்கரை: எனக்குக் கமா இல்லை, அப்பாஸ்ட்ரபி. வேலைக்கு அனுப்பிய கடிதத்தில் 'தி கம்பெனி அண்ட் இட்'ஸ் கஸ்டமர்ஸ்' என்று எழுதினேன். நேர்காணலில் அதைத்தான் முதலில் வட்டம் போட்டுக் காட்டினார்கள். ராம்'ஸ் என்றால் ராமுடைய என்றால், இட்'ஸ் என்றால் அதனுடையதுதானே? இன்னும் எனக்கு அநியாயமாகத்தான் படுகிறது.

கரும்பலகை: ஹிஸ், ஹெர்ஸ், தெய்ர்ஸ் எதிலும் அப்பாஸ்ட்ரபி இல்லை பாருங்கள். இட்ஸ் அந்தக் குடும்பம். அப்பாஸ்ட்ரபி போட்டால் அது 'இட் இஸ்' அல்லது 'இட் ஹேஸ்' என்பதன் சுருக்கம். விரித்துப் படியுங்கள்: 'தி கம்பெனி அண்ட் இட் இஸ் கஸ்டமர்ஸ்.' காதே சொல்லிவிடும்.

சட்டப்படி: அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவன ஓட்டுநர்கள் ஓவர்டைம் கேட்டுப் போட்ட வழக்கைப் படித்திருக்கிறீர்களா? ஓவர்டைம் கிடையாது என்று சட்டம் அடுக்கும் வேலைகளின் கடைசியில் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று இருந்தது. 'ஆர்' முன்னால் கமா இல்லை. அதனால் டிஸ்ட்ரிபியூஷன் தனி வேலையா, இல்லை விநியோகத்துக்காகப் பேக் செய்வது என்று படிப்பதா என்பது தெளிவில்லை. ஓட்டுநர்கள் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள், பேக் செய்பவர்கள் இல்லை. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் தெளிவில்லை என்று சொல்லி அவர்கள் பக்கம் நின்றது. 2018இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது.

மூன்றாம் பெஞ்ச்: அப்போ பட்டியலில் கடைசி 'அண்ட்' முன்னால் கமா கட்டாயமா? எங்களுக்குப் போடவே கூடாது என்றார்கள்.

கரும்பலகை: இரண்டு பழக்கமும் உண்டு. பிரிட்டிஷ் பத்திரிகைகள் பெரும்பாலும் விட்டுவிடும், அமெரிக்கப் புத்தகங்கள் போடும். நான் போடச் சொல்கிறேன். எங்கள் பள்ளியிலேயே பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஒத்துக்கொள்வதில்லை.

வேப்பம்பூ: தமிழுக்கும் யாராவது சொல்லுங்கள். 'அம்மாவும், அப்பாவும், தம்பியும் வந்தார்கள்' என்று எழுதினால், உம் இருக்கும்போது கமா எதற்கு என்று எங்கள் பதிப்பகத்தில் அடித்துவிடுகிறார்கள்.

ஏரிக்கரை: சரிதானே, உம்மே பிரித்துவிடுகிறதே.

வேப்பம்பூ: மூன்று பேர் என்றால் சரி. ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ஊர், உறவு என்று நீண்டால் கண் தடுமாறுகிறது. அங்கே போட்டே தீருவேன்.

தறிச்சத்தம்: பழைய மெயில்களைப் புரட்டினேன். 'அவர் டையர், ஹூ இஸ் இன் பெருந்துறை, வில் ரீடை' என்று ஒன்று. எங்களுக்குச் சாயம் போடும் டையர் ஒருவர்தான், அதனால் இது சரி என்று நினைக்கிறேன். ஆனால் அடுத்த மாதம் இன்னொருவரைச் சேர்க்கிறோம். அப்போது கமாவை எடுத்துவிட வேண்டும், இல்லையா?