A¹⁰ விடை தப்பா வருது, ஆனா ட்ரேஸும் டிட்டர்மினன்ட்டும் சரியா இருக்கு. எங்கே பிழை?

முதலாண்டு_மாணவி

A¹⁰ கண்டுபிடிக்கணும். λ² − 7λ + 10 = 0, அதனால ஐகன் மதிப்புகள் 2, 5. ஐகன் வெக்டர்கள் (1, 1), (1, −2). இதுவரைக்கும் புத்தக விடையோட ஒத்துப்போகுது. அதுக்கப்புறம் நான் போட்டது:

```
A = [4 1]   P = [1  1]   D = [2 0]   P⁻¹ = (1/3) [2  1]
    [2 3]       [1 -2]       [0 5]               [1 -1]

P D¹⁰ P⁻¹ = [ 3255891  -3254867]
            [-6509734   6510758]
```

A², A⁴, A⁸-னு பெருக்கிப் பார்த்தா வேற விடை வருது, மைனஸ் எங்கேயும் இல்ல. ஆனா என் விடையோட ட்ரேஸ் 9766649. அது 5¹⁰ + 2¹⁰-க்குச் சரியா இருக்கு. டிட்டர்மினன்ட்டும் 10¹⁰ வருது. ரெண்டுமே சரியா இருக்கும்போது விடை எப்படித் தப்பாகும்? P⁻¹-ஐ மூணு தடவை சரிபார்த்துட்டேன்.

பேனாமூடி

வெக்டர்களை நார்மலைஸ் பண்ணலையே, அதான் பிரச்சினை. (1, 1)-ஐ √2-ஆலயும் (1, −2)-ஐ √5-ஆலயும் வகுத்துட்டு P எழுதுங்க. அப்புறம் நேர்மாறே தேவையில்ல, Pᵀ போட்டாலே போதும். எங்களுக்கு முதல் செமஸ்டர்ல அப்படித்தான் நடத்தினாங்க.

நிரல்நிரை

பேனாமூடி சொல்ற முறை சமச்சீர் அணிக்கு மட்டும்தான் செல்லும். அங்கே ஐகன் வெக்டர்களை ஒன்றுக்கொன்று செங்குத்தா எடுக்க முடியும், அதனாலதான் நார்மலைஸ் பண்ணினதும் Pᵀ-யே நேர்மாறாகிடுது. இந்த A சமச்சீர் இல்ல. (1, 1)-க்கும் (1, −2)-க்கும் புள்ளிப்பெருக்கம் 1 − 2 = −1, பூச்சியம் வரல. √2, √5-ஆல வகுத்தாலும் Pᵀ நேர்மாறாகாது. நேர்மாறைத் தனியா கண்டுபிடிக்கத்தான் வேணும். அப்படின்னா வகுக்கிறதால லாபம் எதுவும் இல்ல, ரூட்தான் கூடும்.

கேள்விக்கு வர்றேன். P சரி, P⁻¹-உம் சரி. தப்பு D-யில இருக்கு. P-யோட முதல் நிரலை A-ஆல பெருக்கிப் பாருங்க:

```
A (1, 1)  = (5, 5)  = 5 × (1, 1)
A (1, -2) = (2, -4) = 2 × (1, -2)
```

முதல் நிரல் 5-க்கு உரியது. ஆனா D-யில முதல்ல 2-ஐ வெச்சிருக்கீங்க. சமன்பாட்டைத் தீர்க்கும்போது 2, 5-னு ஏறுவரிசையில எழுதியிருக்கீங்க, வெக்டரை 5-க்கு முதல்ல கண்டுபிடிச்சிருக்கீங்க. 5-ஐ முதல்ல வைக்கணும்னு விதி எதுவும் இல்ல. P-யில எந்த வரிசையோ அதே வரிசை D-யிலயும் இருந்தா போதும்.

ட்ரேஸ் ஏன் காட்டிக்கொடுக்கலைன்னா, ட்ரேஸும் டிட்டர்மினன்ட்டும் ஐகன் மதிப்புகளை மட்டும்தான் பார்க்கும். எந்த மதிப்பு எந்த வெக்டரோட சேருதுங்கிறது அதுங்களுக்குத் தெரியாது. உங்க விடைக்கும் ஐகன் மதிப்புகள் 5¹⁰, 2¹⁰-தான், இடம்தான் மாறியிருக்கு. அதனால எந்த அடுக்குக்குப் போட்டாலும் ரெண்டும் சரின்னுதான் காட்டும். 10-க்குப் பதிலா 1-ஐப் போட்டிருந்தா அங்கேயே தெரிஞ்சிருக்கும்:

```
P D P⁻¹ = [ 3 -1]
          [-2  4]
```

இது A இல்ல, 7I − A. நீங்க கணக்குப் பிசகாம கண்டுபிடிச்சது இந்த அணியோட 10-வது அடுக்கைத்தான்.

நான் எப்பவும் AP = PD-யைத்தான் சரிபார்க்கச் சொல்வேன். நேர்மாறு எடுக்கிறதுக்கு முன்னாடியே, ஒவ்வொரு நிரலா, அரை நிமிஷத்துல முடிஞ்சிடும். வரிசைப் பிழையும் வெக்டர் பிழையும் ரெண்டுமே அதுல சிக்கும். இந்தக் கணக்குல இன்னும் ரெண்டு தடயம் இருந்துச்சு. A-யில எல்லா உறுப்பும் நேர் எண், அதனால அதோட எந்த அடுக்கிலயும் மைனஸ் வர வழியே இல்ல. அடுத்தது நிரைக் கூட்டல். 4 + 1 = 5, 2 + 3 = 5. அப்படின்னா A¹⁰-ல ஒவ்வொரு நிரையும் 5¹⁰ = 9765625-ஆ கூடணும். உங்க முதல் நிரை 1024, அதாவது 2¹⁰. இடம் மாறினது அங்கேயே எழுதியிருக்கு.

D-யைத் திருத்தினா:

```
A^n = (1/3) [2·5^n + 2^n     5^n - 2^n  ]
            [2·5^n - 2·2^n   5^n + 2·2^n]

A¹⁰ = [6510758  3254867]
      [6509734  3255891]
```

1/3-ஐக் கடைசி வரைக்கும் வெளியிலயே வெச்சிருங்க. உள்ளே கொண்டுபோய் 0.33-னு எழுதினா 5¹⁰-ஐப் பெருக்கும்போதே 32,000-க்கு மேல குறைஞ்சிடும். வெளியில இருந்தா இன்னொரு வசதியும் உண்டு. 5-உம் 2-உம் 3-ஆல வகுத்தா ஒரே மீதி தரும், அதனால உள்ளே இருக்கிற நாலு எண்ணும் 3-ஆல மீதியில்லாம வகுபடணும். வகுபடலைன்னா பெருக்கல்ல பிழை. இந்தச் சோதனை வரிசைப் பிழையைக் காட்டாது, அதுக்கு AP = PD-தான்.

முதலாண்டு_மாணவி

ரொம்ப நன்றிங்க. A⁸-ஐ A²-ஆல பெருக்கினப்போ எனக்கு வந்ததும் 6510758, 3254867-தான். நிரைக் கூட்டல் எல்லா அணிக்கும் பார்க்கலாமா?

நிரல்நிரை

எல்லா நிரையும் ஒரே கூட்டலா இருந்தா மட்டும்தான். அப்பதான் (1, 1) ஐகன் வெக்டரா வரும். இல்லைன்னா AP = PD.

தேர்வுக்குறிப்பு

2×2-க்கு P-யே வேண்டாமே. கேலி-ஹாமில்டன்படி A¹⁰ = aA + bI. 5a + b = 5¹⁰, 2a + b = 2¹⁰. கழிச்சா a = 3254867, b = −6508710. முதல் உறுப்பு 4a + b = 6510758. வெக்டரே இல்லாதப்போ வரிசை எங்கே மாறும்?

நிரல்நிரை

வழி சரிதான், கையால போட இதுதான் வேகம். ஆனா கேள்வியில் "டயகனலைஸ் செய்து காண்க"-ன்னு இருந்தா P, D ரெண்டும் தாள்ல இருக்கணும். இதை விடையைச் சரிபார்க்க வெச்சுக்கலாம்.

தேர்வுக்குறிப்பு

விடை சரியா இருந்தா முழு மார்க் போடுறவங்களும் உண்டு.

நிரல்நிரை

போடாதவங்களும் உண்டு. கேட்ட முறையில எழுதுறதுதான் பாதுகாப்பு.

கணக்குநோட்டு

எனக்கும் இதே பிரச்சினைதான். என் அணி முதல் நிரை 3, 1. ரெண்டாவது −1, 1. ஐகன் மதிப்பு 2, 2. ரெண்டுக்கும் (1, −1) மட்டும்தான் வருது. P-யில ரெண்டு நிரலும் ஒண்ணா இருக்கு, டிட்டர்மினன்ட் 0. வரிசையை மாத்தியும் பார்த்துட்டேன்.

நிரல்நிரை

இது வேற பிரச்சினைங்க. ஐகன் மதிப்பு திரும்ப வந்தாலே டயகனலைஸ் ஆகாதுன்னு இல்ல, 2I-க்கும் 2, 2-தான். உங்க அணிக்கு ஒரே திசைதான் கிடைக்குது, அதனால P அமையவே அமையாது. A = 2I + N-னு பிரிங்க. N = A − 2I, முதல் நிரை 1, 1; ரெண்டாவது −1, −1. N² பூச்சிய அணி. அதனால ஈருறுப்பு விரிவுல ரெண்டு உறுப்புதான் மிஞ்சும்:

```
A^n = 2^n I + n·2^(n-1) N

A¹⁰ = 1024 I + 5120 N = [ 6144   5120]
                        [-5120  -4096]
```

பேனாமூடி

கேலி-ஹாமில்டன் வழியில இதுக்கு 2a + b = 2¹⁰ ஒரே சமன்பாடுதானே வரும்? ரெண்டாவதுக்கு எங்கே போறது?

தேர்வுக்குறிப்பு

λⁿ = aλ + b-யை வகையிடுங்க: nλⁿ⁻¹ = a. λ = 2 போட்டா a = 10 × 512 = 5120, b = 1024 − 10240 = −9216. முதல் உறுப்பு 3a + b = 6144.

கணக்குநோட்டு

சரியா வந்துடுச்சு. 3×3-ல 2, 2, 5 வந்து, 2-க்கு ஒரே வெக்டர்னா N² பூச்சியமாகாதே, அப்போ?