அக்ரூடு செலவுக்கு ஒரு சொல்: "ஏறிய செலவு" சரிவருமா?

மென்பொருள் தமிழாக்குபவர்:
ஒரு சின்னக் கணக்கு மென்பொருளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். இந்தக் காலத்துக்கு ஆகிவிட்டும் இன்னும் பணம் கட்டாத அக்ரூடு செலவுக்கும், வரும் காலத்துக்காக முன்னாலேயே பணம் கட்டிவிட்ட பிரீபெய்டு செலவுக்கும் சொல் வேண்டும். பள்ளிப் பாடநூலில் இருக்கும் "கொடுபட வேண்டிய செலவு", "முன்கூட்டிச் செலுத்திய செலவு" இரண்டையும் அப்படியே வைத்துவிடலாமா?

கோவைத் தணிக்கையாளர்:
இரண்டாவதை வைக்கலாம். முதலாவதில்தான் எனக்குத் தயக்கம். என் கட்சிக்காரர் ஒருவர் 12% வட்டியில் 6 லட்சம் கடன் வாங்கியிருக்கிறார், மாத வட்டி 6,000. வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் கடைசி நாளில் கட்டுவார். மார்ச் 31 அன்று கணக்கை முடிக்கும்போது பிப்ரவரி, மார்ச் வட்டி 12,000 அவர் தலையில் ஏறிவிட்டது, ஆனால் கடன் கொடுத்தவர் அன்றைக்கு வந்து கேட்க முடியாது, தவணை ஏப்ரல் 30தான். இதைக் "கொடுபட வேண்டியது" என்றால் மாணவர் தவணை தவறிய பாக்கி என்றே எடுத்துக்கொள்கிறார். பில் வந்து, நாளும் கடந்து, கட்டாமல் கிடக்கும் வாடகைக்கு அந்தச் சொல் பொருந்தும். இதற்கு வேறு வேண்டும். வட்டி "ஏறுது" என்று ஊரில் எல்லோரும் சொல்கிறோமே, "ஏறிய செலவு" என்றால் என்ன?

மளிகைக் கடைக்காரர்:
ஐயா, நான் கடைக்கு 1 லட்சம் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன். அதுவும் முன்கூட்டிச் செலுத்திய செலவுதானே? வருசா வருசம் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாமா?

கோவைத் தணிக்கையாளர்:
கழிக்கக் கூடாதுங்க. கடையைக் காலி செய்யும்போது அது திரும்பி வரும், அதனால் அது வைப்புத்தொகை, செலவாகக் கரைவதே இல்லை. நீங்கள் டிசம்பர் 1 அன்று 24,000 கட்டி ஒரு வருடத்துக்குக் கடைக்கு இன்சூரன்ஸ் எடுத்தீர்கள் என்று வையுங்கள், மாதம் 2,000 ஆகிறது. மார்ச் 31க்குள் நான்கு மாதப் பாதுகாப்பை அனுபவித்துவிட்டீர்கள், 8,000 இந்த வருடச் செலவு. மீதி எட்டு மாதத்துக்கான 16,000 இன்னும் உங்கள் சொத்துதான், முன்கூட்டிச் செலுத்தியது அதுதான், அடுத்த வருடம் மாதா மாதம் அது கரையும்.

இளநிலைக் கணக்கர்:
அக்ரூடு என்றாலே புரொவிஷன்தானே, எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான் சொல்வோம். "ஒதுக்கீடு" என்று போட்டால் வேலை முடிந்தது.

கோவைத் தணிக்கையாளர்:
பாதி சரி தம்பி. இரண்டும் கடன் பக்கம்தான் வரும், மாத முடிவில் மதிப்பிட்டுப் போடுவதை அலுவலகங்களில் புரொவிஷன் என்று சொல்வதும் உண்மை. ஆனால் ஒதுக்கீடு என்பது தொகையோ நாளோ நிச்சயமில்லாததற்கு, வழக்கில் தோற்றால் கட்ட வேண்டியிருக்கும் என்பது மாதிரி. இந்த 12,000இல் சந்தேகமே இல்லையே. அப்புறம், மார்ச் 31 அன்று போட்ட பதிவை ஏப்ரல் 1 அன்று பற்று வரவு மாற்றித் திருப்பிப் போடுகிறீர்களா?

இளநிலைக் கணக்கர்:
திருப்பியா? இல்லையே அண்ணா.

கோவைத் தணிக்கையாளர்:
அப்படியானால் இதைப் பாருங்கள். மார்ச் 31 அன்று வட்டிச் செலவில் 12,000 பற்று, ஏறிய வட்டியில் 12,000 வரவு. ஏப்ரல் 30 அன்று மூன்று மாதத்துக்கும் சேர்த்து 18,000 கட்டும்போது முழுவதையும் வட்டிச் செலவிலேயே எழுதிவிட்டால் பிப்ரவரி, மார்ச் வட்டி இரண்டு வருடத்திலும் செலவாகிவிடும், புது வருட இலாபம் 12,000 குறையும். ஏப்ரல் 1 அன்று அந்த 12,000ஐத் திருப்பிப் போட்டிருந்தால் 18,000 எழுதிய பிறகு வட்டிச் செலவில் நிற்பது 6,000, அதுதான் ஏப்ரல் மாத வட்டி. திருப்பிப் போடாவிட்டாலும் பரவாயில்லை, கட்டும் அன்று 12,000ஐ ஏறிய வட்டிக் கணக்கில் கழித்து 6,000ஐ மட்டும் செலவில் எழுதலாம், இரண்டில் ஏதோ ஒன்றைச் செய்தாக வேண்டும். தவறு நடந்ததைக் கண்டுபிடிப்பது சுலபம், வட்டியைக் கட்டி முடித்த பிறகும் ஏறிய வட்டிக் கணக்கில் 12,000 அசையாமல் நின்றால் யாரோ மறந்துவிட்டார்கள்.

யாழ்ப்பாண ஆசிரியை:
நாங்கள் இங்கே பள்ளிக்கூடத்திலேயே "அட்டுறு செலவு", "முற்கொடுப்பனவு" என்றுதான் படிப்பிக்கிறோம். இரண்டும் சின்னச் சொல், பிள்ளைகளுக்கு வசதி. உங்களுடைய "ஏறிய செலவு" என்றால் எனக்கு முதலில் விலை ஏறினதுதான் நினைவுக்கு வருது. போன வருசத்தை விடச் செலவு கூடிப்போச்சு என்று ஒரு பிள்ளை விளங்கிக்கொண்டால் என்ன செய்வீர்கள்?

கோவைத் தணிக்கையாளர்:
அம்மா, அது நியாயமான கேள்வி, எனக்கும் தோன்றாமல் இல்லை. வட்டிக்கு "ஏறிய வட்டி" நன்றாக ஒட்டுகிறது. சம்பளத்துக்கும் மின்கட்டணத்துக்கும் அப்படியே எடுத்துப்போனால்தான் உறுத்துகிறது. "முற்கொடுப்பனவு" எனக்குப் பிடித்துவிட்டது, முன்கூட்டிச் செலுத்திய செலவு என்பதில் இன்னும் செலவாகாததைச் செலவு என்று சொல்லும் குழப்பம் அதில் இல்லை. ஆனால் "அட்டுறு" என்று சொன்னால் இங்கே என் கட்சிக்காரர்கள் யாருக்கும் புரியாது.

மென்பொருள் தமிழாக்குபவர்:
சரி, இப்போதைக்கு "முற்கொடுப்பனவு" என்பதை எடுத்துக்கொள்கிறேன். அக்ரூடுக்கு வட்டி வரும் இடத்தில் மட்டும் "ஏறிய வட்டி" என்று வைத்துவிட்டு, மற்ற இடங்களில் "சேர்ந்த செலவு" என்று போட்டுப் பார்க்கட்டுமா? சம்பளம் சேர்ந்தது என்று சொல்வதில் தவறாகப் புரிய ஏதும் இருக்கிறதா?

யாழ்ப்பாண ஆசிரியை:
"சேர்ந்த சம்பளம்" என்றால் கைக்கு வந்து சேர்ந்த சம்பளம் என்றல்லவா கேட்கும்?