அலுவலகப் பிரெஞ்சில் மிகையைக் களைய: 'பிளெயோனாஸ்ம்' என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

மீனா, புதுச்சேரி

அனைவருக்கும் வணக்கம்.

பிரெஞ்சு அலுவலகங்களில் வேலைக்குச் சேரும் தமிழர்களுக்காக, மின்னஞ்சல் எழுதப் பழக்கும் பாடக்குறிப்பு ஒன்றைத் தமிழில் தயாரித்து வருகிறேன். அதில் ஒரு பாடம் முழுக்க, நீட்டி முழக்கும் வாக்கியத்தை எப்படிச் சிக்கனமாக்குவது என்பது பற்றி. இரண்டு கலைச்சொற்கள் கிடைக்காமல் அந்தப் பாடம் அப்படியே நிற்கிறது. எடுத்துக்காட்டாக வைத்திருக்கும் வாக்கியம் இது:

```
Suite à notre réunion d'hier, je me permets de revenir
vers vous afin de vous informer qu'au jour d'aujourd'hui
nous ne sommes pas en mesure de procéder à la validation
du devis et que nous sommes dans l'obligation de reporter
la livraison à une date ultérieure.
```

விலைமதிப்பீட்டுக்கு இப்போதைக்கு ஒப்புதல் தர முடியவில்லை, அதனால் சரக்கு வருவதைத் தள்ளிப்போட வேண்டியிருக்கிறது. விஷயம் அவ்வளவுதான்.

இதில் மிகை இரண்டு விதமாக இருக்கிறது. 'ஓ ஜூர் தோஜூர்துய்' என்பதைப் பாருங்கள். பழைய பிரெஞ்சில் 'துய்' என்ற முடிவில் உள்ள 'உய்' மட்டுமே 'இந்த நாள்' என்று பொருள் தரும். 'ஓஜூர்துய்' என்றால் 'இந்த நாளாகிய நாளில்'. அதன் முன்னே இன்னொரு 'நாளில்' சேர்ந்தால் நாள் மூன்று முறை வந்துவிடுகிறது. அதேபோல் 'ரப்போர்த்தே' என்றாலே பிற்பாட்டுக்குத் தள்ளிவைப்பது. அதன் பக்கத்தில் 'பிறிதொரு பிந்தைய தேதிக்கு' என்று வருகிறது. இவை பிளெயோனாஸ்ம்.

இரண்டாவது விதத்தில் எதுவும் இருமுறை வருவதில்லை, ஆனால் சொல்லுக்குள் ஒன்றுமில்லை. 'சரிபார்ப்பை மேற்கொள்ளுதல்' என்று நம் அரசுக் கடிதங்களில் வருமே, அதே வகை. 'வாலிதே' என்ற ஒரு வினை போதும் என்ற இடத்தில் 'ப்ரொசெதே ஆ லா வாலிதாசியோன்' நிற்கிறது. 'முடியும்' என்னும் 'பூவுவார்' போதும் என்ற இடத்தில் 'எத்ர் ஆன் மெஸ்யூர் தெ' நிற்கிறது.

முதலாவதற்கு மிகைமொழி, இரண்டாவதற்கு நிரப்புச்சொல் என்று குறித்து வைத்திருக்கிறேன். இரண்டிலும் எனக்கு நிறைவில்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கார்த்திக், சென்னை

மீனா, எதற்குப் புதுச்சொல்? நன்னூலின் பத்துக் குற்றங்களிலேயே 'கூறியது கூறல்' இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த எல்லாருக்கும் தெரிந்த சொல். அதையே எடுத்துக்கொள்ளலாம்.

பாடத்துக்கும் ஒரே விதி போதும் என்று நினைக்கிறேன். சொல்லை எடுத்துவிட்டுப் படி, பொருள் மாறவில்லை என்றால் அந்தச் சொல் வேண்டாம். நான் பிரெஞ்சு வகுப்பில் எழுதி வைத்த பட்டியலிலிருந்து சில: 'கொலாபொரே ஆன்சாம்பிள்', அதாவது சேர்ந்து கூட்டாக உழைப்பது. 'கோந்த்ரா செ-தெ-இ', காலவரையற்ற வேலை ஒப்பந்தம், அதில் முதல் எழுத்தே ஒப்பந்தம் என்னும் கோந்த்ராதான். 'த்ரி செலெக்தீஃப்', குப்பையைத் தேர்ந்து பிரிப்பது. 'வுவார் மெம்'. 'ஓ ஃப்யூர் எ ஆ மெஸ்யூர்', அதாவது போகப் போக, படிப்படியாக. எல்லாவற்றையும் இந்த விதியே பார்த்துக்கொள்ளும்.

இராமலிங்கம், தஞ்சாவூர்

அன்புள்ள மீனா, கார்த்திக்,

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. தமிழ் இலக்கணப் பக்கம் மட்டும் பேசுகிறேன்.

கூறியது கூறல் என்பது ஒரு கருத்தை முன்பே சொல்லிவிட்டுத் திரும்பவும் சொல்வது. நூலாசிரியர் முதல் இயலில் சொன்னதை மூன்றாம் இயலில் பயனின்றி மறுபடி சொன்னால் அது கூறியது கூறல். மீனா காட்டுவது வேறு. அங்கே யாரும் ஒன்றை இருமுறை கூறவில்லை. ஒரு சொல்லின் பொருளுக்குள் முன்பே அடங்கியிருப்பதை அடுத்த சொல் வெளியே எடுத்து வைக்கிறது.

இதற்கு நெருக்கமாக நம்மிடம் இருப்பது ஒருபொருட்பன்மொழி. 'மீமிசை ஞாயிறு', 'உயர்ந்தோங்கு பெருமலை' என்பவை. ஆனால் நன்னூலார் இதைக் குற்றப் பட்டியலில் வைக்கவில்லை, சிறப்பு நோக்கி வருவது என்று ஏற்றுக்கொள்கிறார். எனவே இந்தப் பெயரைக் குற்றத்துக்குச் சூட்டினால் மாணவர் குழம்புவார்.

இரண்டாவது வகைக்கு நிரப்புச்சொல் வேண்டாம் என்பது என் எண்ணம். செய்யுளில் ஓசை குறையும்போது இட்டு நிரப்புவதை இசைநிறை என்போம். அங்கே நிரப்ப ஓர் இடம் இருக்கிறது. அலுவலகக் கடிதத்தில் அப்படி எந்த இடமும் காலியாக இல்லையே! அதே பத்துக் குற்றங்களில் 'வெற்றெனத் தொடுத்தல்' என்று ஒன்று உண்டு, பயனற்ற சொற்களைத் தொடுத்துக்கொண்டே போவது. அதிலிருந்து வெற்றுச்சொல் என்று எடுக்கலாம்.

அந்துவான், புதுச்சேரி

இராமலிங்கம் ஐயா சொன்ன அந்தப் பிரிவு பிரெஞ்சிலும் அப்படியே இருக்கிறது. பிளெயோனாஸ்ம் என்றால் எப்போதும் பிழை இல்லை. அழுத்தத்துக்காக வேண்டுமென்றே செய்தால் அது ஓர் அணி. பயனில்லாமல் வந்தால் அதற்குப் பெரிஸ்ஸொலொஜி என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள், அலுவலகத்தில் யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை என்றாலும். ஆகவே ஒருபொருட்பன்மொழி அணிக்கே இருக்கட்டும். குற்றத்துக்குப் 'பொருளிரட்டல்' என்று ஒன்றை முன்வைக்கிறேன்.

கார்த்திக் தம்பியின் விதி பாதி வேலையைச் சரியாகச் செய்யும். 'கோந்த்ரா செ-தெ-இ', 'கொலாபொரே ஆன்சாம்பிள்' இரண்டிலும் வெட்டலாம். மற்றதில் கவனம் வேண்டும். 'ஓ ஃப்யூர் எ ஆ மெஸ்யூர்' தொடரில் 'ஃப்யூர்' என்பதற்கும் விகிதம், அளவு என்றுதான் ஒரு காலத்தில் பொருள். மக்களுக்கு அந்தச் சொல் புரியாமல் போன பிறகு 'மெஸ்யூர்' துணைக்கு வந்தது. இன்று 'ஓ ஃப்யூர்' என்று மட்டும் எழுதினால் யாருக்கும் புரியாது. வேரில் இரட்டல் இருக்கிறது, ஆனால் வெட்ட முடியாது. 'ஓஜூர்துய்' சொல்லும் அப்படித்தான், உள்ளேயே ஓர் இரட்டல் உறைந்துவிட்டது. அதன்மேல் இன்று நாம் ஏற்றுவது மட்டும்தான் களைய வேண்டியது.

'த்ரி செலெக்தீஃப்' இப்போது நகராட்சிப் பலகைகளிலேயே இருக்கும் பெயர். அலுவலக அறிவிப்பில் அதைத் திருத்தப் போகாதீர்கள். 'வுவார்' தொடக்கத்தில் 'உண்மையாகவே' என்று பொருள்பட்டது, அப்போது 'மெம்' சேர்வதில் தவறில்லை. இன்று 'வுவார்' ஒன்றே 'ஏன், அதையும்கூட' என்று நிற்பதால் 'மெம்' தேவையில்லை. ஆனாலும் இரண்டையும் சேர்த்து எழுதுவோர் நிறையப் பேர், நான் அதை மாணவர் கட்டுரையில் சிவப்பு மையால் சுழிப்பதில்லை.

சரி, மீனாவின் வாக்கியத்துக்கு வருகிறேன். நான் இப்படி முடிப்பேன்:

```
Nous ne pouvons pas encore valider le devis
et devons reporter la livraison.
```

இதில் 'ஆன்கோர்' ஏன் புதிதாக வந்தது என்று கேட்கலாம். 'ஓ ஜூர் தோஜூர்துய்' தொடரை முழுவதும் வெட்டிவிட்டால் 'எங்களால் ஒப்புதல் தர முடியாது' என்று ஆகிவிடும். விற்பவர் அதை மறுப்பு என்று படிப்பார். எழுதியவர் மனதில் இருந்தது 'இன்னும் முடியவில்லை'. அந்தக் கொழகொழத்த தொடருக்குள் இந்த ஒரு துளிப் பொருள் ஒளிந்திருந்தது, அதை எடுத்து வைத்துக்கொண்டுதான் மீதியைத் தள்ள வேண்டும். 'தெவோன்' என்பதையும் அதனால்தான் விட்டுவைத்தேன். அது போனால், நாங்களாகவே விரும்பித் தள்ளிவைக்கிறோம் என்று ஆகும். நேற்றைய கூட்டம் மின்னஞ்சலின் தலைப்பு வரிக்குப் போகட்டும்.

அப்புறம் அந்தத் தேதி. 'பிந்தைய தேதிக்கு' என்பதை வெட்டியவுடன் ஓர் ஓட்டை தெரிகிறது: எந்தத் தேதி? அதைச் சொல்லாமல் இருப்பதை மறைக்கத்தான் அந்தத் தொடர் அங்கே இருந்தது. 'ரப்போர்த்தே ஓ 12 மார்ஸ்' என்று எழுதினால் அது இரட்டல் அல்ல, தகவல். 'ரெசெர்வே ஆ லாவான்ஸ்' என்று முன்பதிவை முன்கூட்டியே செய்யச் சொன்னால் மிகை, ஆனால் மூன்று நாள் 'ஆ லாவான்ஸ்' என்றால் எந்தக் குறையும் இல்லை. அளவு வந்ததும் அதே சொல் வேலை செய்யத் தொடங்குகிறது. கார்த்திக், உங்கள் விதியோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வெட்டும் முன், அந்த இடத்தில் ஓர் எண்ணோ தேதியோ வந்திருக்க வேண்டுமா என்று கேட்டுப் பாருங்கள்.

சுகந்தி, பாரிஸ் புறநகர்

வணக்கம். நான் இங்கே ஒரு கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். நீங்கள் சொல்கிற மாதிரிச் சுருக்கி எழுதப் போய்த்தான் எனக்குப் பிரச்சினை வந்தது. 'உரிமை எடுத்துக்கொள்கிறேன்' என்னும் 'ழ மெ பெர்மே' எல்லாம் வேண்டாம் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். வேறு பிரிவில் இருக்கிற, முன்பின் தெரியாத ஒருவருக்கு இப்படி அனுப்பினேன்:

```
Envoyez-moi la facture de mars.
```

பதில் வந்தது, பில்லும் வந்தது. ஆனால் என் மனேஜர் கூப்பிட்டு, உங்கள் மெயில் 'செக்' ஆக இருக்கிறது என்றார். வறட்டுத்தனமாம். அப்படியென்றால் மரியாதைச் சொற்களைக் களைவது சரியா, அந்துவான் அண்ணா? கடிதத்தின் முடிவில் வரும் அந்த நீளமான வணக்கத்தையும் எடுக்கச் சொல்வீர்களா?

அந்துவான்

சுகந்தி, நாங்கள் பேசுவது பொருள் இரட்டிப்பது பற்றி. மரியாதை அந்தக் கணக்கில் வராது. இருந்தாலும் உங்கள் கேள்வி பாடத்தில் இருக்க வேண்டிய ஒன்று, ஏனென்றால் வெற்றுச்சொல் என்று பெயர் வைத்தவுடன் எல்லாரும் முதலில் கை வைப்பது இந்த இடத்தில்தான்.

அறிமுகமில்லாதவருக்கு, அவர் கேட்காமல் நீங்களாக எழுதும்போது 'ழ மெ பெர்மே' ஒரு வேலை செய்கிறது, உங்கள் நேரத்தில் குறுக்கிடுகிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறது. அவரே கேட்ட விவரத்தை அனுப்பும்போது அதே தொடர் வெறுமையாகிவிடும். மீனாவின் வாக்கியத்தில் நேற்றுத்தான் கூட்டம் நடந்தது, அதனால் அங்கே வெட்டினேன். உங்கள் மெயிலில் கட்டளை வினைதான் சிக்கல். இப்படி எழுதியிருந்தால் நீளமும் இல்லை, வறட்சியும் இல்லை:

```
Pourriez-vous m'envoyer la facture de mars ?
Merci d'avance.
```

முறையான கடிதத்தின் முடிவு வணக்கத்தைத் தொடாதீர்கள். மின்னஞ்சலில் 'கோர்தியால்மான்' போதும்.

கார்த்திக்

தேதி விஷயம் நன்றாகப் புரிந்தது. ஆனால் பொருளிரட்டல் என்ற சொல்லில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. 'இரட்டுற மொழிதல்' என்று ஒன்று இருக்கிறதே, ஒரு சொல்லில் இரு பொருள். இது இரு சொல்லில் ஒரு பொருள். நேர்மாறான இரண்டுக்கும் ஒரே வேர் வந்தால் மாணவர் தடுமாறுவார். தவிர, மீனா காட்டியதில் நாள் மூன்று முறை வருகிறது, அதை எப்படி இரட்டல் என்பது?

இராமலிங்கம்

மூன்று என்பது பெரிய தடையில்லை, இரட்டைக்கு மேல் போனாலும் பேச்சில் இரட்டிப்பு என்றே சொல்கிறோம். இரட்டுற மொழிதலோடு குழப்பம் வரும் என்பது நியாயமான கவலை. 'அடங்குமிகை' என்று ஒன்று தோன்றுகிறது, முதற்சொல்லில் அடங்கியதே மிகையாக வருவதால். மீனா முதலில் சொன்ன மிகைமொழியை விட்டுவிடலாம், அதைக் கேட்டால் உயர்வு நவிற்சிதான் நினைவுக்கு வருகிறது.

மீனா

எல்லாருக்கும் நன்றி. வெற்றுச்சொல்லை எடுத்துக்கொண்டேன், இழுபறி இல்லை. முதலாவதற்குப் பொருளிரட்டல், அடங்குமிகை இரண்டையும் வரைவில் வைத்து வகுப்பில் சொல்லிப் பார்க்கிறேன். களையும் செயலுக்குச் 'சுருக்கம்' என்று எழுத மாட்டேன், சுருக்கத்தில் தகவல் குறையும். மிகைநீக்கம் என்று எழுதுகிறேன். சுகந்தி அக்காவின் மெயிலைப் பெயர் இல்லாமல் பயிற்சியில் சேர்க்கலாமா?

இன்னும் ஒன்று எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அலுவலகத்தில் அடிக்கடி கேட்கும் முதல் வரியும் அதன் திருத்தமும்:

```
C'est de ce devis dont je vous parlais.
C'est de ce devis que je vous parlais.
```

'தெ' ஏற்கெனவே வந்துவிட்டதால் 'தோன்' மறுபடி அதே உறவைச் சுமக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் இதையும் பிளெயோனாஸ்ம் என்றே சொல்கிறார்கள். ஆனால் இங்கே இரட்டிப்பது பொருள் அல்ல, வேற்றுமை. நடைக் குறையும் அல்ல, இலக்கணப் பிழை. இதைப் பொருளிரட்டலில் சேர்க்க மனம் வரவில்லை. இராமலிங்கம் ஐயா, உருபு இப்படி இருமுறை வருவதற்கு நம் இலக்கணத்தில் பெயர் ஏதும் உண்டா?